பத்து வகுப்புக்குப் பணம், நடந்தது ஒன்பது: யோகா வகுப்பு நிர்வாகத்தாருக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் பட்டணத்துக் கடை வரிசை மாடியில் யோகா வகுப்பு நடத்தும் நிர்வாகத்தாருக்கு,

2025 அக்டோபர் முதல் தேதியிலிருந்து நீங்கள் அமலுக்குக் கொண்டுவந்த புதிய கார்டு விதிகளை எங்களால் ஏற்க முடியவில்லை. வகுப்பு முடிந்து பாய் சுருட்டும்போது வாய்மொழியாகச் சொன்னோம். கவுண்டரில் இருக்கும் பிள்ளையிடமும் சொன்னோம். "மேலிடத்து முடிவு" என்ற பதிலைத் தவிர வேறு எதுவும் வரவில்லை. அந்த மேலிடம் கோலாலம்பூரில் இருக்கிறது என்பதால் இதை எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் ஜெம்போல் வட்டாரத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தின் ஆபீசில் செக்ரோல் எழுதுகிறவள். யார் எத்தனை நாள் வேலைக்கு வந்தார், எந்த நாளுக்குச் சம்பளம் உண்டு, எந்த நாளுக்கு இல்லை என்று கணக்கு வைப்பதுதான் என் பிழைப்பு. அதனால் வராத நாளை எப்படிக் கணக்கில் எழுதுவது என்பதில் எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு. உங்கள் புதிய விதியை முதலில் அந்தக் கண்ணோடுதான் பார்த்தேன்.

முன்பு இருந்தது எளிய ஏற்பாடு. பத்து வகுப்புக் கார்டு 200 ரிங்கிட். கார்டு இல்லாமல் ஒரு நாள் மட்டும் வந்தால் 25 ரிங்கிட். கார்டை மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும். வந்த நாளுக்கு டீச்சர் ஒரு கட்டத்தில் கையெழுத்துப் போடுவார், வராத நாளில் கட்டம் காலியாகவே இருக்கும். இப்போது விலை அதேதான், ஆனால் பணம் கட்டிய தேதியிலிருந்து ஆறு வாரத்தில் கார்டு செத்துவிடும். வர முடியாது என்று 24 மணி நேரத்துக்கு முன்பே தெரிவிக்காவிட்டால், வராத வகுப்பும் வந்ததாகவே கழியும். கார்டை வேறு யாருக்கும் கொடுக்க முடியாது. நோய் என்றால் டாக்டர் கொடுக்கும் எம்.சி. என்ற மருத்துவச் சான்று இருந்தால் மட்டுமே நாள் நீட்டிப்பு.

ஒவ்வொரு விதியையும் தனித்தனியாகப் பார்த்தால் பெரிய அநியாயமாகத் தெரியாது. நான்கும் ஒரே கார்டில் சேர்ந்தால் என்ன ஆகிறது என்பதை எங்கள் லயத்து அக்கா ஒருவருடைய கார்டை வைத்துச் சொல்கிறேன். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றார்.

அக்கா தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிறவர். நாள் முழுக்கக் குனிந்து குனிந்து இடுப்பு போய்விட்டது. அதற்காகத்தான் யோகாவுக்கே வந்தார். எங்களுக்குச் சம்பளம் ஏழாம் தேதிக்குள் வரும். அதனால் ஊரில் பாதிப் பேர் உங்கள் கார்டை வாங்குவதும் ஏழாம் தேதியை ஒட்டித்தான். அக்கா அக்டோபர் 7, செவ்வாய்க்கிழமை மாலை 200 ரிங்கிட் கட்டி அன்றைக்கே முதல் வகுப்பிலும் உட்கார்ந்தார். கார்டின் கடைசி நாள் நவம்பர் 17.

வகுப்பு செவ்வாயும் வியாழனும். ஆறு வாரத்துக்குப் பன்னிரண்டு வகுப்பு வர வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு என்றால் இரண்டு நாள் தவறினாலும் பரவாயில்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அக்டோபர் 20 தீபாவளி. அந்த வாரம் 21, 23 இரண்டு நாளும் நீங்களே வகுப்பை மூடினீர்கள். மூடியது சரிதான், எங்களுக்கும் வீட்டில் வேலை இருந்தது. அத்தோடு பத்து வகுப்பாகிவிட்டது. பிறகு அக்டோபர் 30 வியாழன், மாலை ஆறரை மணி வகுப்புக்கு நான்கு மணி வாக்கில் வாட்ஸ்அப் குழுவில் "இன்று வகுப்பு இல்லை" என்று செய்தி வந்தது. ஈடு வகுப்பு வைக்கவில்லை. ஆக அந்த ஆறு வாரத்தில் நடந்தது ஒன்பது வகுப்புதான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். அக்கா ஒரு நாள்கூடத் தவறாமல் வந்திருந்தாலும் அவர் பணம் கட்டிய பத்தாவது வகுப்பு கிடைத்திருக்காது. நீங்கள் நடத்தாத வகுப்பு அவருடைய கார்டில் காலாவதியாகிப் போனது. கேட்டதற்குக் கவுண்டரில் வந்த பதில், "சிஸ்டம் தேதியை மட்டும்தான் பார்க்கும்." எங்கள் தோட்டத்தில் ஆள் தயாராக நிற்க, நிர்வாகம் வேலை கொடுக்காமல் திருப்பி அனுப்பிவிட்டு அந்த நாளை அவர் கணக்கில் ஆப்சென்ட் என்று போட்டால், மறுநாள் காலை யூனியன்காரர் என் மேசைக்கு முன்னால் நிற்பார்.

மீதி ஒன்பதில் அக்கா இரண்டு தவறினார். நவம்பர் 4 அன்று பழம் ஏற்ற வேண்டிய லோரி தாமதம். வெட்டிய குலை கிடந்தால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும், அதனால் அன்றைய பழத்தை அன்றைக்கே மில்லுக்கு அனுப்பப் பார்ப்பார்கள். பொறுக்கும் ஆட்களை ஆறு மணி வரை விடவில்லை. நவம்பர் 11 அன்று காய்ச்சல். தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரஸ்ஸர் பார்த்து மருந்து கொடுத்து, ஓய்வு எடுக்கச் சொல்லிச் சீட்டும் எழுதிக் கொடுத்தார். டாக்டர் எம்.சி. இல்லை என்று அந்தச் சீட்டை நீங்கள் எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தக் கார்டு இப்போது என் மேசை மேல் இருக்கிறது. மஞ்சள் அட்டை, இரண்டு வரிசையில் பத்துக் கட்டம். ஏழு கட்டத்தில் டீச்சரின் நீல மைக் கையெழுத்து. இரண்டில் சிவப்புப் பேனாவில் குறுக்குக் கோடு. கடைசிக் கட்டத்தில் "எக்ஸ்பையர்ட்" என்று ரப்பர் முத்திரை, அதுவும் பாதி கட்டத்துக்கு வெளியே போய் விழுந்திருக்கிறது.

ஏழு வகுப்புக்கு 200 ரிங்கிட் என்றால் ஒரு வகுப்புக்கு 28 ரிங்கிட் 57 சென். கார்டே வாங்காமல் வந்த நாளுக்கு மட்டும் 25 ரிங்கிட் கட்டியிருந்தால் மொத்தம் 175தான் ஆகியிருக்கும். முன்பணம் கட்டி உங்களை நம்பியதற்கு அக்கா 25 ரிங்கிட் அதிகமாகக் கொடுத்திருக்கிறார். மலிவு என்று சொல்லி விற்ற கார்டு, மூன்று வகுப்பு கைவிட்டுப் போனதும் மலிவு இல்லை. இரண்டு போனால் சில்லறை விலையும் கார்டு விலையும் ஒன்றாகிவிடும். கார்டு வாங்க நினைக்கிறவர்கள் இந்த ஒரு கணக்கை மட்டும் போட்டுப் பார்த்தாலே போதும்.

காலாவதியே கூடாது என்று நான் சொல்லவில்லை. மாடிக்கு மாதாமாதம் வாடகை, டீச்சருக்கு வகுப்புக்கு இவ்வளவு என்று சம்பளம். பத்துப் பேர் வந்தாலும் மூன்று பேர் வந்தாலும் அந்தச் செலவு குறையாது. இரண்டு வருடத்துக்கு முந்தைய கார்டை ஒருவர் பையிலிருந்து எடுத்து நீட்டினால் அந்தப் பணம் எப்போதோ செலவாகியிருக்கும். ஆகவே ஒரு கடைசித் தேதி வேண்டும் என்பது நியாயம்தான். அந்தத் தேதியை எதை வைத்துக் கணக்கிடுவது என்பதில்தான் தகராறு. நாட்காட்டியை வைத்து எண்ணினால் உங்கள் விடுமுறை, உங்கள் ரத்து, டீச்சர் கல்யாணத்துக்குப் போன நாள் எல்லாம் எங்கள் தலையில் விழுகிறது. நடந்த வகுப்பை வைத்து எண்ணினால் விழாது. "இந்தக் கார்டு அடுத்து நடக்கும் இருபது வகுப்புக்குள் செல்லும்" என்று ஒரு வரி எழுதினால் முடிந்தது. மூடிய நாள் தானாகவே கணக்கில் வராது.

ஏன் இருபது? இதையும் காற்றில் பிடித்துச் சொல்லவில்லை. வகுப்புக்கு வரும் பெண்களில் சிலர் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை செய்கிறவர்கள். ஒரு வாரம் காலை ஏழு முதல் மூன்று, அடுத்த வாரம் மூன்று முதல் இரவு பதினொன்று. மாலை ஆறரை மணி வகுப்புக்கு அவர்களால் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம்தான் வர முடியும். ஆறு வாரத்தில் மூன்று வாரம், வாரத்துக்கு இரண்டு, ஆக ஆறு வகுப்பு. நோய்நொடி இல்லாமல், மழையே பெய்யாமல், நீங்கள் ஒரு நாளும் ரத்து செய்யாமல் இருந்தாலும் அவர்களால் பத்தில் ஆறுக்கு மேல் தொட முடியாது. அவர்களுக்கு இந்தக் கார்டை விற்கும்போதே நான்கு வகுப்பு போய்விட்டது என்று உங்களுக்குத் தெரியும், அல்லது தெரிந்திருக்க வேண்டும். பத்தும் எடுக்க அவர்களுக்குப் பத்து வாரம் வேண்டும். அதைத்தான் இருபது வகுப்பு என்கிறேன்.

அடுத்தது அந்த 24 மணி நேரம். கோலாலம்பூரில் இந்த விதி எப்படி வந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. சின்ன ஹால், கைப்பேசியில் இடம் பிடிக்கும் ஏற்பாடு, எப்போதும் காத்திருப்போர் பட்டியல். ஒருவர் கடைசி நேரத்தில் வராமல் போனால், வர நினைத்த இன்னொருவருக்கு இடம் கிடைக்காமல் போகும், உங்களுக்கும் ஒரு வரவு போகும். அங்கே வராத வகுப்பைக் கழிப்பதில் அர்த்தம் இருக்கிறது. எங்கள் மாடியில் பதினெட்டுப் பாய் விரிக்கலாம். வருகிறவர்கள் பெரும்பாலும் பத்துப் பேர். இடம் இல்லை என்று ஒருவரைத் திருப்பி அனுப்பியதை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. அப்படியிருக்க, நவம்பர் 4 அன்று அக்கா வராததால் யாருக்கு என்ன நஷ்டம்? காலியாக இருந்த எட்டுப் பாயோடு ஒன்பதாவதும் காலியாக இருந்தது, அவ்வளவுதான்.

அதோடு இந்த விதியை எங்களால் நிறைவேற்றவே முடியாது. தோட்டத்தில் யாருக்கு எந்த வேலை, எந்த நிரை என்பதெல்லாம் விடியற்காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டில்தான் தெரியும். முந்தின நாள் மாலை ஆறரைக்கு அக்காவைக் கேட்டால் அவருக்கே தெரியாது, வேலையை மேற்பார்க்கும் மண்டோருக்கும் தெரியாது, ஏன், ஆபீசில் இருக்கும் எனக்கும் தெரியாது. பெரட்டு கலைந்து வெளியே வரும்போது உங்கள் வகுப்புக்கு இன்னும் பன்னிரண்டு மணி நேரம்தான் இருக்கும். அந்த நிமிடமே செய்தி அனுப்பினாலும் உங்கள் கணக்கில் அது தாமதம். லோரி தாமதமாவது மாலை நான்கு மணிக்குத்தான் தெரியும். அதே நான்கு மணிக்கு நீங்கள் வகுப்பை ரத்து செய்தபோது மட்டும் யாரும் தாமதம் என்று எழுதவில்லை. எங்களுக்கு 24 மணி நேரம், உங்களுக்கு இரண்டரை மணி நேரம் என்று எப்படி வைத்தீர்கள் என்பதற்கு மட்டும் எனக்கு நேரடியான பதில் வேண்டும்.

கார்டை மாற்றிக் கொடுப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன். காய்ச்சல் வந்த அன்று அக்கா, "எனக்குப் பதிலாத் தங்கச்சி வரட்டுமா?" என்று கேட்டார். கூடாது என்றீர்கள். ஒரே கார்டை நாலைந்து பேர் பங்கு போட்டுக்கொண்டு ஆளுக்கு இரண்டு வகுப்பு வருவார்கள், சில்லறை விலைக்கு யாரும் வர மாட்டார்கள் என்ற உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. இன்னொரு காரணமும் இருக்கிறது, அதை நான் மதிக்கிறேன். சேரும்போது உடல்நிலைப் படிவம் ஒன்று நிரப்புகிறோம். இரத்த அழுத்தம், கர்ப்பம், முதுகுத்தண்டுப் பிரச்சினை எல்லாம் அதில் கேட்கிறீர்கள். அழுத்தம் அதிகமாக உள்ளவரைத் தலைகீழ் ஆசனத்தில் நிறுத்திவிட்டால் ஆபத்து. முன்பின் தெரியாத ஒருவர் அடுத்தவர் கார்டோடு வந்து பாயில் உட்கார்ந்தால் டீச்சருக்கு எதுவுமே தெரியாது. ஆனால் இந்த இரண்டு பயத்துக்கும் முழுத் தடை தேவையில்லை. வருகிறவர் முதலில் தன் படிவத்தை நிரப்பட்டும். ஒரு கார்டுக்கு ஒரே ஒரு முறை, மீதியுள்ள எல்லா வகுப்பும் சேர்த்து ஒரே ஒருவர் பெயருக்கு மாறட்டும். பங்கு போடவும் முடியாது, பணமும் வீணாகாது. கர்ப்பமான பெண்ணுக்கும், கணவருக்கு வேறு தோட்டத்தில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு இடம் மாறுகிறவருக்கும் இது ஒன்றுதான் வழி. உங்கள் சிஸ்டத்தில் அதற்கு ஒரு பட்டன்கூட இல்லை என்று கவுண்டர்ப் பிள்ளை சொல்கிறார். பட்டன் இல்லாவிட்டால் பேனா இருக்கிறது.

டிரஸ்ஸர் சீட்டைப் பற்றி நீட்டி முழக்கப் போவதில்லை. தோட்டத்து மருத்துவ உதவியாளர்கள் 1965ஆம் ஆண்டிலிருந்து தனிச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்றே வேலை செய்கிறார்கள். ஒரு வகுப்பைத் தள்ளி வைக்க அவர் கையெழுத்துப் போதாது என்பது எங்களுக்கு வருத்தமாக இருக்கிறது. தனியார் கிளினிக் டாக்டரிடம் போய் எம்.சி. வாங்க ஆகும் செலவு, காப்பாற்ற நினைக்கும் 20 ரிங்கிட் வகுப்பைவிட அதிகம்.

"பணம் திரும்பத் தரப்படாது" என்று கார்டின் பின்பக்கம் சின்ன எழுத்தில் அச்சடித்திருக்கிறீர்கள். கையெழுத்துப் போட்டுவிட்டோமே, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றுதான் பலரும் பேசாமல் இருக்கிறார்கள். அவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவு இப்படிப்பட்ட ஒப்பந்தங்களைப் பற்றியதுதான். பணத்தை முதலில் வாங்கிக்கொண்டு சேவையைப் பின்னால் கொடுப்பது. பயனீட்டாளர் நடுவில் ரத்து செய்தால், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், மொத்த விலையில் 5 விழுக்காடு, பயன்படுத்திய பொருளின் விலை, அதுவரை பெற்ற சேவைக்கான தொகை ஆகியவற்றுக்கு மேல் நீங்கள் பிடித்துக்கொள்ள முடியாது.

உங்கள் கார்டுக்கே அதைப் பொருத்திப் பார்க்கலாம். ஒருவர் நான்கு வகுப்பு வந்துவிட்டு, கார்டு உயிரோடு இருக்கும்போதே ரத்து செய்கிறார். 200இல் 5 விழுக்காடு 10 ரிங்கிட். நான்கு வகுப்புக்கு 80. மீதி 110 ரிங்கிட் அவருக்கு வர வேண்டும். இல்லை, கார்டை முறித்தவருக்குச் சில்லறை விலைதான் என்று நீங்கள் வாதிட்டாலும் நான்கு வகுப்புக்கு 100, பிறகும் 90 ரிங்கிட் மிஞ்சும். எப்படிப் போட்டாலும் பூஜ்யம் வராது. கார்டு வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். ரத்து செய்வதை எழுத்தில், தேதியோடு, காலாவதிக்கு முன்பே தெரிவியுங்கள். வாட்ஸ்அப் செய்தியானாலும் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருதலைப்பட்சமான அச்சடித்த ஒப்பந்த விதிகளைக் கேள்வி கேட்கவும் 2010 திருத்தத்துக்குப் பிறகு அதே சட்டத்தில் இடம் இருக்கிறது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் புகார் பதிய 5 ரிங்கிட்தான் கட்டணம், வக்கீல் தேவையில்லை. 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம். நாங்கள் கேட்கப்போவது 25ம் 30ம்தான், அதுவும் உங்களோடு பேசித் தீராவிட்டால்தான். இதை மிரட்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டீச்சர் மேல் எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. அவர் நன்றாகச் சொல்லிக் கொடுக்கிறார், அக்காவின் இடுப்பு வலி உண்மையாகவே குறைந்திருக்கிறது. வகுப்பு தொடர வேண்டும் என்பதால்தான் எழுதுகிறேன்.

எங்கள் கோரிக்கை இவைதான். பத்து வகுப்புக் கார்டின் ஆயுளை நாட்காட்டி வாரமாக எண்ணாமல், நடக்கும் இருபது வகுப்பாக எண்ணுங்கள். பணம் கட்டிய தேதியிலிருந்து வேண்டாம், முதல் கையெழுத்து விழும் நாளிலிருந்து எண்ணுங்கள். வர முடியாத செய்திக்கு வகுப்புக்கு இரண்டு மணி நேரம் முன்பு வரை இடம் கொடுங்கள். அதற்கும் பிந்தினால், அன்றைக்கு ஹால் நிறைந்து யாரையாவது திருப்பி அனுப்பியிருந்தால் மட்டும் கழியுங்கள். நீங்கள் அதே இரண்டு மணி நேரத்துக்குள் வகுப்பை ரத்து செய்தால், வருவதாக இருந்த ஒவ்வொருவருக்கும் ஒரு வகுப்பு கூடுதலாகக் கொடுங்கள். பஸ் பிடித்து ஏற்கெனவே புறப்பட்டவர்கள் இருப்பார்கள். உடல்நிலைப் படிவத்தோடு ஒரு கார்டுக்கு ஒரு பெயர் மாற்றத்தைக் கட்டணமின்றி அனுமதியுங்கள். டிரஸ்ஸர் சீட்டை ஏற்றுக்கொள்ளுங்கள். ரத்து செய்கிறவருக்குச் சட்டப்படி வர வேண்டிய பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், அதற்கான கணக்கைக் கார்டிலேயே அச்சிடுங்கள்.

அக்டோபர் முதல் தேதிக்குப் பிறகு முத்திரை குத்தி மூடிய கார்டுகள் எல்லாவற்றையும் திறந்து, கையெழுத்து விழாத கட்டங்களைத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்றும் கேட்கிறோம். அக்காவுக்கு அப்படி மூன்று கட்டம் பாக்கி. வேறு எத்தனை பேருக்கு எத்தனை என்பது உங்கள் சிஸ்டத்தில் இருக்கும். பட்டியல் கொடுத்தால் சரிபார்க்க நான் தயார்.

பதிலை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு மறுநாள் அழித்துவிட வேண்டாம். அடுத்த சம்பளத் தேதிக்கு முன்பே, தமிழிலும் மலாயிலும், படியேறும்போது கண்ணில் படும்படி சுவரில் ஒட்டுங்கள். அதைப் படித்த பிறகுதான் நாங்கள் அடுத்த கார்டு வாங்குவோம்.

இப்படிக்கு,
உங்கள் வகுப்பில் கடைசி வரிசையில் பாய் விரிக்கும் செக்ரோல் கிராணி